கடைசி மூன்று நொடி

கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வடையைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்கிறார் ஜெபக்குமார். எங்கள் பனியன் கம்பெனியில் ஓரம் தைக்கும் ஓவர்லாக் டைலர். டீ நேரத்தில், துணிக்கட்டுகளுக்கு நடுவே நின்றுதான் ரீல்ஸ்.

"சிக்மா ரூல் நாப்பத்தேழு. சிங்கம் எவன்கிட்டயும் சட்னி கேக்காது." நடை மெதுவாகும், இசை அதிரும். கடைசி மூன்று நொடியில் டீ கொண்டுவருபவரிடம் வடையை நீட்டுவார்: "அண்ணாச்சி, கொஞ்சம் சட்னி விடுங்க."

நேற்று ரூல் ஒன்பது, இன்று நாற்பத்தேழு. நடுவில் உள்ளவற்றைக் கேட்டால் அவருக்கே தெரியாது. ஆல்ஃபா என்றால் கூட்டத்துக்குத் தலைவனாம், சிக்மா கூட்டமே வேண்டாத தனி ஓநாயாம். வாடகைக் காரில் சாய்ந்துகொண்டு, பொம்பளையை நம்பாதே என்று பாடம் நடத்தும் வாழ்க்கை குருக்களைத்தான் அவர் நக்கலடிக்கிறார். அவர்களையும் உங்களையும் எப்படிப் பிரித்தறிவது என்று ஒருமுறை கேட்டேன். "அவனுவ கடைசில கோர்ஸ் விப்பானுவ. நான் கடைசில அசிங்கப்படுவேன். அம்புட்டுதான்."

அந்தக் கடைசியைத்தான் எவனோ வெட்டிவிட்டான். "சிக்மா பொண்டாட்டிகிட்ட சோறு கேக்க மாட்டான், தனியா நடப்பான்" என்று அவர் ஒரு ரீல் போட்டிருந்தார். முடிவில் அவர் மனைவி விஜயராணியின் குரல் வரும்: "அப்பொறம் எதுக்குத் தட்ட நீட்டுதீக?" குரலை நீக்கி, சோக இசையும் கோர்ஸ் லிங்க்கும் சேர்த்துப் போட்டதை லட்சம் பேர் பார்த்தார்கள். பாழாய்ப்போனவன்.

பக்கத்து மெஷின் முனீஸ் முதலில் சிரித்தவன்தான். சிரிக்கச் சிரிக்க, போன் அவனுக்கு நக்கலோடு அசல் குருக்களையும் கலந்தே ஊட்டியது. மனைவி மயிலாளையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு ராயபுரத்தில் தனி ரூம் எடுத்துவிட்டான். அவள் கம்பெனி வாசலில் வந்து நின்று ஜெபக்குமாரிடம் கேட்டது ஒன்றுதான்: "நீங்க சொல்லித்தான போனாக. வரச் சொல்லுங்க."

அன்றே கண்ணாடி இல்லாமல், இசை இல்லாமல் ஒரு வீடியோ போட்டார். நான் சொன்னதெல்லாம் கேலி, யாரும் குடும்பத்தை விடாதீர்கள் என்றார். கீழே கமெண்டில் சிரிப்புப் பொம்மைகள் முந்நூறு விழுந்தன. முகம் மாறாமல் கலாய்க்கிறார், வேற லெவல் என்று ஒருவர் எழுதியிருந்தார். முகம் மாறாமல் பேசுவதுதானே அவர் இத்தனை நாள் செய்த வேலை.

மறுநாள் நேரில் சொல்ல என்னையும் கூட்டிக்கொண்டு முனீஸின் ரூமுக்குப் போனார். வெட்டாத வீடியோவைக் காட்டினார். முனீஸ் கடைசி வரை பார்த்துவிட்டு, "மக்களுக்காக இந்தக் கடைசிய சேத்துருக்கீக. உள்ள உள்ளது நமக்குத் தெரியும்லா" என்றான்.

"ஏல, வெளாட்டுக்குலா சொன்னேன். உம்புள்ள அழுதுல. ஊட்டுக்குப் போ."

குரல் உடைந்துவிட்டது. முனீஸ் சிரித்துக்கொண்டே போனைத் தூக்கிப் படம்பிடிக்கத் தொடங்கினான். "சூப்பர் அண்ணே. இன்னொருக்கா சொல்லுங்க."

தான் நடிக்கவில்லை என்று காட்ட, ஜெபக்குமார் கண்ணாடியைக் கழற்றப் போனார். விரல்கள் வெறும் மூக்கில் பட்டு நின்றன.