தமிழ்ச் சேனலில் என் மைனி

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதினால் என்னை வைத்துச் சிரிக்கப் போவது நாலு பேரல்ல, கீழவைப்பார் முழுவதும். ஆனால் நான் எழுதாவிட்டால் என் மைனி வாயாலேயே ஊருக்குச் சொல்லி முடித்துவிடுவாள். அவள் சொல்கிற கதையில் நான் இன்னும் மோசமாக இருப்பேன். அதனால் எழுதுகிறேன்.

தூத்துக்குடியில் பீச் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நான் வேலை செய்கிறேன். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடத்தோடு நானும் படிப்பும் பிரிந்துவிட்டோம். யார் யாரை விட்டது என்று இன்னும் முடிவாகவில்லை. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், கப்பல் வேலைக்குப் போகிற பையன்களுக்கு வீடியோ இண்டர்வியூ எல்லாம் அங்கே நடக்கும். ஒரு மத்தியானம் மைனி வந்து நின்றாள். என் அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் கப்பலில் இருக்கிறான். மைனி கீழவைப்பாரில் கருவாடு காயவைக்கிற பெண்கள் குழுவுக்குத் தலைவி.

"ஏலே, வெளிநாட்டுக்காரவோ கம்ப்யூட்டர்ல மீட்டிங் வைக்காவளாம். நம்ம கருவாட்ட வாங்கலாமா வேண்டாமான்னு கேக்கப் போறாவ. நீதான் போட்டுத் தரணும்."

"நீங்க இங்கிலீஷ்ல பேசுவீங்களா மைனி?"

"நான் தமிழ்ல பேசுதேன். அவ்வோ இங்கிலீஷ்ல கேக்கட்டும். அப்படி ஒரு வசதி இருக்குன்னு ஃபெடரேஷன் ஆபீஸ்ல சொன்னாவ."

விஷயம் இதுதான். இதற்கு முன்னால் வேறு ஏதோ கரையிலிருந்து அவர்கள் வாங்கிய நெத்திலிக் கருவாட்டில் மணல் கடித்திருக்கிறது. அதிலிருந்து இந்தப் பக்கம் என்றாலே யோசிக்கிறார்கள். மைனியின் குழு மணலில் மீனைப் போடுவதே இல்லை. கழி நட்டு, வலையை இழுத்துக் கட்டி, இடுப்பளவு உயரத்தில் காயவைக்கிறார்கள். அதை அவள் வாயால் சொல்லிப் புரியவைத்தால் குழுவுக்கு ஆர்டர். புரியவைக்காவிட்டால் வழக்கம்போல சந்தை வியாபாரி கேட்ட விலை.

பெண்கள் குழுக்களுக்கெல்லாம் மேலே இருக்கிற ஃபெடரேஷன் ஆபீஸ் அவர்களுடைய வீடியோ மீட்டிங் கணக்கை என்னிடம் கொடுத்தது. மீட்டிங் நடத்துகிற ஆளும் நான்தான். ஆப்பில் எங்கே தேடினாலும் மொழிபெயர்ப்பு என்ற ஒன்றே இல்லை. பிறகுதான் தெரிந்தது, முதலில் வெப்சைட்டில் கணக்கின் செட்டிங்கில் போய் அதைத் திறந்துவிட வேண்டும். அங்கே மொழிகளின் வரிசையில் சீனம் இருந்தது, பிரெஞ்சு இருந்தது, தமிழ் இல்லை. இல்லாத மொழியை நாமே பெயர் எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பெட்டி இருந்தது. எந்தப் பெயரையும் எழுதலாம் போலிருக்கிறதே என்று, சோதனைக்காக 'கருவாடு' என்று ஒரு மொழியை உருவாக்கினேன். மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

மொழிபெயர்க்க ஆள் என் கூட்டாளி. சாயர்புரத்துக்காரன், எம்.ஏ. ஆங்கிலம். வெளியூர்ப் பிரசங்கியார்கள் கன்வென்ஷனுக்கு வந்தால் மேடையில் பக்கத்தில் நின்று தமிழில் சொல்வது இவன்தான். அவர் ஒரு வரி சொல்லி நிற்பார், இவன் ஒரு வரி சொல்வான். அவர் கையைத் தூக்கினால் இவனும் தூக்குவான். மீட்டிங்கைப் புதிதாக நேரம் குறித்துப் போட்டு, அவனுடைய மெயிலைக் கொடுத்து, எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு என்று குறித்தேன். ஒத்திகையில் நுழைந்தவனிடமிருந்து உடனே போன் வந்தது.

"ஏலே, என்னைய இங்கிலீஷ்லருந்து கருவாட்டுக்குப் போட்டிருக்க."

"ஆமா, உனக்கு அந்த பாஷை வருமேன்னு."

"மாத்துலே. அங்கன இருந்து வெள்ளக்காரங்க பாத்தா என்ன நெனப்பாங்க."

மாற்றினேன். ஒத்திகை அருமையாக நடந்தது. நான் மீட்டிங்கில் மொழிபெயர்ப்பைத் தொடங்கியதும் மைனியின் போனில் உலக உருண்டைப் படம் வந்தது. அதைத் தொட்டுத் தமிழைத் தேர்ந்தெடுத்தாள். ஒரு பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் இருந்த இங்கிலீஷை நான் வாசித்தேன். ஒரு வரி வாசித்து நின்றேன். கூட்டாளியின் குரல் தமிழில் கேட்டது. இன்னொரு வரி வாசித்து நின்றேன். மாவு, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் சுத்தத் தமிழில் மைனி காதுக்குப் போனது. நான் ஏன் நின்று நின்று வாசித்தேன் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. நாங்கள் எல்லாரும் மாதா கோயிலில் பிரசங்கத்தை அப்படியே கேட்டு வளர்ந்தவர்கள்.

மீட்டிங் அன்று லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு கீழவைப்பாருக்குப் போனேன். கருவாட்டுக் கொட்டகையில் பெண்கள் எல்லாரும் தலைவாரிப் பூ வைத்து உட்கார்ந்திருந்தார்கள். கூட்டாளி சாயர்புரத்தில் அவன் வீட்டு அறையில் ஹெட்செட்டோடு இருந்தான். லேப்டாப்பைத் தமிழ்ச் சேனலில் வைத்தேன்.

வாங்குகிறவர்கள் பக்கத்திலிருந்து ஒரு நடுவயதுப் பெண்மணி பேச ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் நிற்கவே இல்லை. கூட்டாளி அவள் நிற்பாள், நிற்பாள் என்று காத்துக்கொண்டிருந்தான். அவன் பேசாதவரை எங்களுக்கு அவளுடைய இங்கிலீஷ்தான் முழுச் சத்தத்தில் கேட்டது. பெண்கள் எல்லாரும் புரிந்த மாதிரி தலையாட்டினார்கள்.

"என்னலே, தமிழ் வரும்னியே?" என்றாள் மைனி.

அந்தப் பெண்மணி ஏன் நிற்க வேண்டும்? அவளுக்கு இவன் குரலே கேட்காது. அது தமிழ்ச் சேனலுக்குள் மட்டும் போகிற குரல். பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிறான் என்பதே அவளுக்குத் தெரியாது. நான் வாட்ஸ்அப்பில் போட்டேன்: "அவ நிக்க மாட்டா. நீ கூடவே ஓடு." அதன் பிறகு ஓடினான். மூச்சு வாங்குவது ஸ்பீக்கரில் கேட்டது. அவன் தமிழ் மேலே வந்தது, அவள் இங்கிலீஷ் அடியில் முணுமுணுப்பாகப் போனது. மணல் கதை, அவர்களுக்குக் கெட்ட பெயர் வந்தது, ஒவ்வொரு குழுவும் எப்படிக் காயவைக்கிறது என்று சொல்ல வேண்டும், எல்லாம் வந்து சேர்ந்தது.

வேறு ஊர்க் குழுக்களும் மீட்டிங்கில் இருந்தாலும் முதலில் பேச மைனியைக் கூப்பிட்டார்கள். கூட்டாளி தன் பக்கத்தில் தமிழிலிருந்து இங்கிலீஷுக்கு மாறிக்கொண்டான். அந்தப் பொத்தானை மறந்தால் அவன் பேசுகிற இங்கிலீஷ் தமிழ்ச் சேனலில் வந்து விழும். அதை மறக்கவில்லை. மைனி முந்தானையைச் சரி செய்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நாங்க கீழவைப்பார்ல இருந்து பேசுதோம்."

நின்றாள்.

அவள் மொழிபெயர்ப்புக்காக நிற்கிறாள் என்று எனக்கு உடனே புரியவில்லை. கோயில் தியானக் கூட்டத்தில் வெளியூர்ச் சாமியார் ஒவ்வொரு வரிக்கும் நிற்பாரே, அதே மரியாதையோடு ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெண்களும் ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். ஸ்பீக்கரில் ஒன்றும் வராது. கூட்டாளியின் இங்கிலீஷ் இங்கிலீஷ் சேனலுக்குப் போகிறது, நாங்கள் தமிழில் இருக்கிறோம். அவன் எப்போதோ சொல்லி முடித்துவிட்டு அடுத்த வரிக்குக் காத்திருக்கிறான். மைனி இவனுக்குக் காத்திருக்கிறாள். அந்தப் பெண்மணி இரண்டு பேருக்கும் காத்திருக்கிறாள்.

"கேக்கலயோ?" என்று மைனி மெதுவாகச் சொல்லிவிட்டு, அடுத்த வரியையும் சொன்னாள். "நாங்க நெத்திலி, சாளை காயப் போடுதோம்." மறுபடியும் நின்றாள். இந்த முறை நீளமாக.

அந்தப் பெண்மணி ஏதோ சொல்ல, ஸ்பீக்கரில் கூட்டாளியின் குரல் தமிழில் வந்தது. குரலில் உயிரே இல்லை.

"ரொம்ப நன்றி. சுருக்கமாச் சொன்னீங்க. நாம அடுத்த குழுவுக்குப் போவோம்."

மைனி என்னைத்தான் பார்த்தாள். இத்தனை நாள் கழி நட்டதும் வலை கட்டியதும் காக்கை விரட்டியதும் இரண்டு வரியில் முடிந்து போன மாதிரி ஒரு பார்வை. அவள் என்னை எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறாள், அப்படிப் பார்த்ததில்லை.

நான் மைக்கருகில் குனிந்து எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் விட்டேன். "மேடம், நாட் ஃபினிஷ். ஒன் மினிட். நாட் ஃபினிஷ்." அந்தப் பெண்மணி சரி, நேரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். மைக்கை மூடினேன்.

"மைனி, நீங்க நிக்கக் கூடாது. அவன் சொல்லுதது உங்களுக்குக் கேக்காது. அவங்களுக்கு மட்டும்தான் கேக்கும்."

"கேக்காம எப்படிலே பேசுறது? சொவத்தப் பாத்துப் பேசுத மாதிரி இருக்கு. அவன் சொன்னானா இல்லியான்னு தெரியாம எனக்கு அடுத்தது வரமாட்டேங்கு."

"என்னைய ஏசும்போது நிப்பீங்களா?"

"உன்னைய ஏசுததுக்கு என்னத்துக்கு நிக்கணும்?"

"அப்ப என்னையப் பாத்து ஏசுங்க. கருவாட்டப் பத்தி ஏசுங்க."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். நான் லேப்டாப்புக்குப் பின்னால் போய், கேமரா அவள் முகத்தைப் பார்க்கிற மாதிரியும் அவள் என் முகத்தைப் பார்க்கிற மாதிரியும் நின்றுகொண்டேன். மைக்கைத் திறந்தேன். முகத்தை எவ்வளவு சோம்பேறித்தனமாக வைக்க முடியுமோ அவ்வளவு வைத்தேன். அதில் எனக்குச் சிரமம் இருந்ததில்லை.

மைனி ஆரம்பித்தாள்.

"மணல்ல போட்டா மணல் கடிக்கத்தான செய்யும், அதுக்குத்தான நாங்க கழி நட்டு வலை கட்டியிருக்கோம், விடியக்காலம் வள்ளம் கரைக்கு வந்ததும் மீனக் கடல் தண்ணியில அலசி, குடல் எடுக்க வேண்டியத எடுத்து, வலையில ஒண்ணு மேல ஒண்ணு படாம பரத்திப் போடுதோம், மேலயும் ஒரு வலை மூடுதோம், காக்கா வாய் வைக்காது, அடியில காத்துப் போவுது, அதனால சீக்கிரம் காயுது, ஈ மொய்க்காது, நேரம் பாத்துத் திருப்பிப் போடணும், அதுக்கு ஆள் முழிச்சு நிக்கணும், இந்தா நிக்கான் பாருங்க, இவன மாதிரி சோம்பேறியக் காவலுக்கு வச்சா வலையோட சேத்துக் காக்கா தூக்கிட்டுப் போயிரும், நாங்க அப்படி இல்ல, மழை மேகம் தெரிஞ்சா சோத்துக் கையோட ஓடி வாரவோ நாங்க..."

நிற்கவில்லை. கையை நீட்டிப் பேசினாள், என்னை அடிக்க வருகிற மாதிரியே. திரையில் அந்தப் பெண்மணி முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கருவாட்டில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

மைனி முடித்ததும் அந்தப் பெண்மணி அந்த வலைகளைப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். என் போனிலும் மீட்டிங்கில் நுழைந்து, வெளியே எடுத்துப் போய்க் காட்டினேன். வெயிலில் நெத்திலி வெள்ளியாகக் கிடந்தது. ஒரு பெண் வலைக்கடியில் கையை விட்டு, மண்ணுக்கும் மீனுக்கும் எவ்வளவு இடைவெளி என்று காட்டினாள். சாம்பிள் அனுப்புங்கள், சோதனையில் சரியாக இருந்தால் இந்தக் குழுவிடமே வாங்குகிறோம் என்று கூட்டாளியின் குரலில் தமிழ் வந்தது. இப்போது குரலில் உயிர் இருந்தது.

மைனி எனக்குச் சோறு போட்டாள். சாளைக் குழம்பு. போடும்போது, "ஏசினதுக்கு ஒண்ணும் மனசுல வச்சுக்காதலே," என்றாள்.

"அது நமக்குள்ள தமிழ்ல தான மைனி. அவங்களுக்கு எங்க தெரியப் போவுது," என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டுக் கூட்டாளிக்கு மெசேஜ் போட்டேன்: "ஏலே, மைனி நடுவுல என்னைய ஏசினதையும் இங்கிலீஷ்ல சொன்னியா?"

உடனே பதில் வந்தது.

"ஒரு வார்த்தை விடல, சோம்பேறிக்கு மட்டும் ரெண்டு இங்கிலீஷ் வார்த்தை சேத்துப் போட்டேன்."