அழுத்தமானி காட்டிய செவ்வாய்க்கிழமை

மே கடைசி வாரம் வந்தால் தென்காசியில் குடியிருக்கும் எவனுக்கும் ஒரு வேலை கூடிவிடும். வெளியூர் உறவினர்கள் போன் போட்டு, “சீசன் ஆரம்பிச்சாச்சா? அருவியில தண்ணி விழுதா?” என்று கேட்பார்கள். மற்றவர்கள் மலையைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். நான் என் தலையைக் கேட்டுச் சொல்வேன்.

எனக்கு இருபது வருடமாக ஒற்றைத் தலைவலி. இடது கண்ணுக்குப் பின்னால் தொடங்கி, வெளிச்சமும் சத்தமும் பகையாகி, வாந்தியில் முடியும். செங்கோட்டைப் பக்கமிருந்து ஈரக்காற்று திரும்பும் நாட்களில் அது அதிகம் வருவதாக எனக்கு ஒரு நம்பிக்கை. ஐம்பது வயதில் மனிதனுக்கு ஏதாவது ஒன்றில் நிபுணத்துவம் வேண்டியிருக்கிறது. எனக்கு இது வாய்த்தது. காற்றழுத்தத்தை அளக்கும் செல்போன் ஒன்று வாங்கியபின் நிபுணத்துவம் முற்றிவிட்டது. அதில் இருந்த செயலி ஒன்று வரும் நாட்களின் அழுத்தத்தைக் கோடாகக் காட்டும்; கோடு இறங்கினால் அந்த நாளைச் சிவப்பாக்கும். சிவப்பு நாளில் நான் எங்கும் போவதில்லை. வலி வருமுன்பே ஒரு மாத்திரையும் போட்டுக்கொள்வேன்.

போன வருடம் ஜூனில்தான் புளியங்குடியிலிருந்து அக்கா பேசினாள். அவளுக்கு மார்பில் புற்றுக்கட்டி; அறுவை சிகிச்சை, பிறகு கதிர்வீச்சு என்று சொல்லியிருந்தார்கள். திருநெல்வேலியில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று, பதினைந்து நாள் இருந்தது.

“ஏலே, அதுக்கு முன்னால ஒரு தடவ அருவியில குளிச்சிரணும். அப்பறம் தையலு, கரண்டு வைக்கதுன்னு ஒரு வருசம் விடமாட்டாவளாம். ஒங்க அத்தானுக்கு மண்டிக் கடைய விட்டுட்டு வர முடியாது. நீ காரக் கொண்டுட்டு வா.”

“செவ்வாய்க்கெழம போவோம்க்கா.”

திங்கள் மாலை செயலி செவ்வாயைச் சிவப்பாகக் காட்டியது. மலைப் பாதையில், அருவி இரைச்சலில், கூட்டத்தில் எனக்கு வலி வந்தால் யார் யாரைப் பார்ப்பது? வியாழக்கிழமைக்குத் தள்ளினேன். அக்கா “சரிலே, ஒன் மிசினு சொன்னா சரிதான்” என்றாள். செவ்வாயன்று தென்காசியில் இதமான சாரல். குற்றாலத்தில் அளவாகத் தண்ணீர் விழுவதாக எதிர்வீட்டு அண்ணாச்சி துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னார். எனக்குத் தலை வலிக்கவில்லை. வீட்டில் ஓய்வாக இருந்ததால்தான் வலி வரவில்லை என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். எந்தப் பக்கம் விழுந்தாலும் நான் ஜெயிக்கிற ஆட்டம் அது.

வியாழனும் சிவப்பு. பயணத்தை மறுபடி தள்ளிவிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அன்றும் வலி இல்லை.

சனிக்கிழமை பாளையங்கோட்டையில் நரம்பு டாக்டரிடம் எனக்கு முறை வந்தது. மூன்று வருடத்து நோட்டைப் பெருமையாக நீட்டினேன். தேதி, காற்றழுத்தம், வலி என்று கட்டம் போட்டு எழுதியது. அவர் பொறுமையாகப் புரட்டினார்.

“வலி வந்த நாளெல்லாம் எழுதியிருக்கீங்க. அழுத்தம் கொறஞ்சும் வலி வராத நாள் எங்க சார்?”

அப்படி ஒரு பக்கம் நோட்டில் இல்லை.

“நம்ம ஊர்ல தெனமும் காலைல பத்து மணிக்கு அழுத்தம் ஏறும், சாயந்தரம் நாலு மணிக்கு மூணு நாலு மில்லிபார் எறங்கும். தெனமும் நாலு மணிக்கா தலை வலிக்கி?”

“இல்ல.”

“தென்காசிலேருந்து குத்தாலத்துக்கு டவுன்பஸ்ல ஏறினாலே ரெண்டு மூணு கொறையும். மேட்டுல ஏறுதீங்கல்லா. பஸ்ஸ விட்டு எறங்கினதும் வலிக்குதா?”

பக்கத்தில் நின்ற நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்திருப்பாள்.

வானிலை சிலருக்கு வலியைத் தூண்டுகிறது, அதை இல்லை என்று சொல்லமாட்டேன் என்றார் டாக்டர். ஆனால் அது தனியாக வருவதில்லை. கெட்ட தூக்கம், தள்ளிப்போன சாப்பாடு, கண் கூசும் வெளிச்சம் எல்லாம் கூட்டாக வரும். அதனால் நாளைக்கு உனக்கு வலிக்கும் என்று ஒரு கோட்டைப் பார்த்து நம்பிச் சொல்ல முடியாது. கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, திடீரென இனிப்புத் தேடுவது, இவைதான் கொஞ்சம் நம்பத்தகுந்த முன்னறிவிப்பு. அதுகூட வலி உள்ளே ஆரம்பித்துவிட்டது என்பதுதான் என்றார். பிறகு மாத்திரை அட்டைகளை எண்ணினார். மாதத்தில் பத்து நாளுக்கு மேல் இந்த மாத்திரை போனால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்றார். நான் எத்தனை நாள் போட்டேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

“பயந்துபோய் எதையும் ரத்து பண்ணாதீங்க. மாத்திரைய பையில வச்சிக்கிட்டுப் போங்க. வலி ஆரம்பிச்ச ஒடனே போடுங்க.”

வெளியே வந்ததும் அக்காவைக் கூப்பிட்டேன். “நாளைக்கே போறோம்க்கா.” ஞாயிறு பச்சையாகத்தான் இருந்தது, பார்க்காமலா இருப்பேன்?

சனி இரவு மலையில் பெய்த மழை எனக்குத் தெரியாது. காலையில் அக்காவை அழைத்துக்கொண்டு மெயின் அருவிக்குப் போனால், அருவி முன்னால் கட்டியிருக்கும் பாதுகாப்பு வளைவைத் தாண்டிச் செந்நிறத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. போலீஸ் கயிறு கட்டியிருந்தார்கள். ஐந்தருவியிலும் தடை. பழைய குற்றாலத்திலும் தடை. திரும்பி மெயின் அருவிக்கே வந்தோம். தலைக்கு எண்ணெய் வைத்து, மாற்றுச்சேலைப் பையை மார்போடு அணைத்தபடி அக்கா கயிற்றுப் பக்கம் நின்றாள்.

“சார், எங்கக்காவுக்கு புதன்கெழம ஆபரேசன். ஓரமா ஒரு நிமிசம்...” என்றேன்.

அந்தப் போலீஸ்காரர் அவளைப் பார்த்தார். “யக்கா, கல்லு உருண்டு வருது. செவ்வாக்கெழம வந்திருந்தா மணிக்கணக்கா குளிச்சிருக்கலாம். இன்னைக்கு விட்டா எனக்குத் தூக்கம் வராது.”

அக்கா தலையாட்டினாள். நான் மூன்றாவது தடவையாகக் கொட்டாவி விட்டதை அப்போதுதான் கவனித்தேன். கழுத்து இறுகியிருந்தது. பச்சை நாளில், இடது கண்ணுக்குப் பின்னால், மெதுவாக அது வந்து உட்கார்ந்தது.

மாத்திரையை விழுங்கிவிட்டுக் காரில் கண்ணை மூடிச் சாய்ந்தேன். கொஞ்ச நேரத்தில் நெற்றியில் குளிர்ச்சி. அருவிச் சாரலில் காட்டி நனைத்துவந்த துண்டை அக்கா என் தலையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“யக்கா, அந்த ரெண்டு நாளும் எனக்குத் தல வலிக்கல.”

“தெரியும்லே. ரெண்டு நாளும் சாயங்காலம் போன்ல சிரிச்சிப் பேசினியே. வலிச்சா நீ ‘ம்’முன்னு கூட சொல்லமாட்ட.”

“அப்பவே ஏசியிருக்கலாம்லா.”

“நானும் பயந்துதான கெடக்கேன். நீயும் பயந்துபோய்க் கெடந்த. யார யார் ஏச?” என்றாள். பிறகு, “பேசாதலே, வெளிச்சம் படும், கண்ண மூடு.”

புதன்கிழமை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். அதனால் அந்தக் கை வீங்காமல் வாழ்நாள் முழுக்கக் காக்கவேண்டும் என்றார்கள். பாரம் தூக்கக் கூடாது, அடிபடக் கூடாது. அருவியைப் பற்றி அக்காவே கேட்டாள். வேகமாக விழுகிற தண்ணீர் அந்தக் கையில் அடிக்க வேண்டாம் என்றார் டாக்டர்.

இந்த வருடம் அவள் சொன்ன நாளில் போனோம். செயலியின் கோட்டைப் பார்க்கவில்லை. பெண்கள் பக்கம் கடைசி ஓரத்தில், ஒரு கையைச் சேலைக்குள் ஒடுக்கிக்கொண்டு, தலையை மட்டும் தண்ணீருக்கு நீட்டி நின்றாள். மற்றவர்கள் நடுவில் முதுகைக் கொடுத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவளும் அப்படித்தான் குளிப்பாள், அறுவை சிகிச்சைக்கு முன்பெல்லாம். எனக்கு அன்று தலை வலிக்கவில்லை. ஏனென்று தெரியாது.