நேராகிவிட்ட வரிகள்

சாய்ந்தமருதில் ஒரு தனியார் கிளினிக்குக்கு நான் வெப்சைட் செய்து கொடுத்தேன். "ECG எடுக்கும் நேரம்" போல பல வரிகளில் இரண்டு மொழி. என் கணினியில் ஆங்கிலச் சொற்கள் கொஞ்சம் மேலே நிற்பதாகத் தோன்ற, ஒவ்வொன்றாகக் கீழே தள்ளி வைத்தேன். மடத்தனம்.

அண்ணன் முறையில் நான் 'நானா' என்று கூப்பிடும் மேனேஜர் தன் போனைக் காட்டினார். "என்ன தங்கச்சி, ஒரு வரி நெருக்கம், ஒரு வரி தூரம்?"

நான் கொடுத்த ஆங்கில எழுத்துருவில் தமிழ் இல்லை. போன் தன்னிடமிருந்த உயரமான தமிழ் எழுத்துருவைப் போட்டதால் தமிழ் வந்த வரிகள் மட்டும் விலகின. நான் தள்ளிய சொற்களோ கீழே தொங்கின.

மூன்று நாள் இருந்து எல்லாவற்றையும் கலைத்தேன். தமிழ் எழுத்துருவைத் தளத்தோடு சேர்த்து, அதன் மேல், கீழ் அளவுகளை ஆங்கிலத்துக்கு ஒத்ததாக்கி, வரி உயரத்தையும் நிலையாக்கினேன். ஐந்து போன்களில் பார்த்தேன். ஒரு வரிகூட அசையவில்லை.

காட்டப் போனபோது நானா சிரித்தார். "தமிழாலதானே பிரச்சின? அதை எடுத்திட்டு எல்லாத்தையும் இங்கிலீஷில போட்டுட்டம். இப்ப நேராக் கிடக்கு."

வெளியே வாங்குப் பலகையில் இருந்த ஓர் உம்மா தன் போனில் கிளினிக்கின் தளத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார். "இதில என்ன மகள் போட்டிருக்கு?"

வரிகள் நேராகத்தான் இருந்தன.