இறங்கிக்கொண்டே போக வேண்டும்

அந்தப் பொண்ணுக்குத் திருச்சியில எம்.எஸ்ஸி. சீட் கிடைக்கலை. அதை முதல்லயே சொல்லிடறேன். இல்லைன்னா கடைசிவரைக்கும் சுத்தி வளைச்சு என்னை நானே நல்லவளா காட்டிக்குவேன்.

பெரம்பலூர்ல ஒரு கல்லூரியில கணக்கு வாத்தியாரம்மா நான். வேப்பந்தட்டையிலேருந்து ஸ்கூட்டியில வந்து போறேன். எனக்குக் கோவம் மூக்கு மேல இருக்கும். பசங்க எனக்கு வச்சிருக்கிற பட்டப்பேரும் தெரியும், இங்க எழுத மாட்டேன். அந்தப் பொண்ணு ரெட்டிபாளையம். அப்பா சிமெண்ட் ஆலையில மூட்டை ஏத்துற வேலை. "மெரிட்ல திருச்சி அரசுக் கல்லூரியில கிடைச்சா மேல படி, இல்லைன்னா படிச்ச வரைக்கும் போதும்"னு அவர் கறாரா சொல்லிட்டார். அதனால ஒவ்வொரு மார்க்கும் அவளுக்கு உசுரு.

அந்த வருஷம் அவ கிளாஸுக்கு முடிவிலாத் தொடர் நடத்தினேன். உறுப்புன்னு சொல்ற எண்களைக் கூட்டிக்கிட்டே போனா கூட்டுத்தொகை ஓரிடத்துல போய் நிக்குமா, நின்னா குவியும், இல்லைன்னா விரியும். அவ்வளவுதான் விஷயம். முக்கோணவியல் சைன் வர்ற தொடரை ஆசையா நடத்தினேன். சைன் ஒண்ணு, சைன் ரெண்டு, சைன் மூணுன்னு எத்தனை கூட்டினாலும் ரெண்டேகாலைத் தாண்டாது, மேலயும் கீழயுமா ஆடிக்கிட்டே கிடக்கும். அதோட ஒண்ணு, அரை, மூணுல ஒண்ணுன்னு இறங்கி பூஜ்யத்துக்குப் போற வரிசையைப் பெருக்கினா தொடர் குவிஞ்சிடும். கூட்டல் கழித்தல் மாறி மாறி வர்ற தொடரும் அதே வம்சம். அதுக்கு போர்டுல ரெண்டே வரி எழுதிப் போட்டேன். குறி மாறணும். உறுப்பு பூஜ்யத்துக்குப் போகணும்.

மூணாவது ஒரு வரி இருக்கு. உறுப்புகள் இறங்கிக்கிட்டே போகணும், நடுவுல ஏறக்கூடாது. அதை நான் எழுதறதில்லை. புத்தகத்துல வர்ற கணக்குல எல்லாம் தானா இறங்கும், கண்ணுக்கே தெரியும், எதுக்கு வீணா ஒரு வரின்னு சில வருஷமாவே விட்டுட்டேன். சோம்பேறித்தனம், வேற என்ன?

மாதிரித் தேர்வுக்குப் பழைய வினாத்தாள் ஒண்ணுலேருந்து ஒரு பத்து மார்க் கணக்கு எடுத்துப் போட்டேன். ரெண்டின் வர்க்கமூலத்தோட ஒண்ணைக் கூட்டி அதால ஒண்ணை வகுக்கணும். அதுலேருந்து, மூணின் வர்க்கமூலத்துல ஒண்ணைக் கழிச்சு, அதால ஒண்ணை வகுத்ததைக் கழிக்கணும். அப்புறம் நாலுக்குக் கூட்டல், அஞ்சுக்குக் கழித்தல், இப்படியே போகும். குறி மாறுது, பூஜ்யத்துக்குப் போகுது, ஆகவே குவியும். விடைத்தாள் திருத்த நானே எழுதி வச்ச விடை இது. நாப்பது பேர் அதையேதான் எழுதியிருந்தாங்க. அவ மட்டும் ஒன்றரைப் பக்கத்துக்கு என்னென்னமோ போட்டு, கடைசியில "விரியும்"னு முடிச்சிருந்தா.

கடைசி வரியைப் பார்த்தேன், சிவப்புல ஒரு கோடு, பூஜ்யம். திருத்துற அவசரத்துல நாங்க எல்லாரும் பண்றதுதான். பேப்பர் குடுக்கறப்ப அவ எழுந்து, "மேம், இது சரின்னு நினைக்கிறேங்க, ஒரு தடவை பாருங்க"ன்னா. எனக்கு வந்ததே கோவம்!

"ஏம்மா, நாப்பது பேரும் முட்டாள், நீ ஒருத்திதான் அறிவாளியா? சுலபமான கணக்கைக் குழப்பி வச்சிருக்க. உக்காரு."

கிளாஸே சிரிச்சுது. அவ உக்காந்துட்டா.

மறுநாள் இயற்பியல் பசங்களுக்குத் துணைப்பாடமா அதே குறி மாறுற தொடரோட விதி. அங்க நிரூபணம் போடணும். உறுப்புகளை ரெண்டு ரெண்டா அடைப்புக்குறிக்குள்ள போட்டு, "முதலாவதுலேருந்து ரெண்டாவதைக் கழிச்சா மிச்சம் கூட்டல்தான் வரும், ஏன்னா..."ன்னு சொல்ல வாயைத் திறந்தேன். ஏன்னா? ரெண்டாவது சின்னதா இருக்கணும். சாக்பீஸ் அப்படியே நின்னுடுச்சு. "மிச்சத்தை நாளைக்குப் பார்ப்போம்"னு இறங்கி வந்துட்டேன்.

ஸ்டாஃப் ரூம்ல போன் கால்குலேட்டர்ல அந்தத் தொடரைப் போட்டுப் பார்த்தேன். முதல் உறுப்பு பூஜ்யம் புள்ளி நாலு ஒண்ணு. அடுத்தது ஒண்ணு புள்ளி மூணு ஏழு. அப்புறம் பூஜ்யம் புள்ளி மூணு மூணு. அப்புறம் பூஜ்யம் புள்ளி எட்டு ஒண்ணு. எங்க இறங்குது? ஏறி ஏறி இறங்குது. கழிக்கறதெல்லாம் பெருசு, கூட்டறதெல்லாம் சிறுசு. பசங்க பார்த்ததும் திருப்பி வாங்கி வச்ச கட்டுலேருந்து அவ பேப்பரை எடுத்து முதல் வரியிலேருந்து படிச்சேன். மேலயும் கீழயும் ஒரே கோவையால பெருக்கி, தொடரை ரெண்டா உடைச்சிருக்கா. ஒரு பாகம் குறி மாறி, ஒழுங்கா இறங்கி, குவியுது. இன்னொரு பாகத்துல ஒண்ணு, அரை, மூணுல ஒண்ணு, கால்னு கழிஞ்சுக்கிட்டே இருக்கு, அதுக்கு அடியே கிடையாது. ஆக, விரியும். ஒரு பிசிறு இல்லை. அந்தப் பக்கத்துக்குக் குறுக்கே என் சிவப்புக் கோடு.

அப்பவே கிளாஸுக்குப் போய், "நான் சொன்னது தப்பு, இந்தப் பொண்ணு போட்டதுதான் சரி"ன்னு சொல்லியிருக்கலாம். ரெண்டு நிமிஷம் ஆகியிருக்குமா? நாப்பது பேர் முன்னாடி அசிங்கப்படணுமேன்னு ஈகோ. அதனால ஒரு திருட்டுத்தனம் பண்ணினேன். அவளோட அசைன்மென்ட் மார்க்கை ஏத்தி, அந்தப் பத்து மார்க்கால குறைஞ்சதைச் சரிக்கட்டி அக மதிப்பெண்ணை முழுசா போட்டுட்டேன். யாருக்கும் நஷ்டம் இல்லைன்னு மனசை சமாதானம் பண்ணிக்கிட்டேன். மார்க்கைத் திருத்தினேன், கணக்கைத் திருத்தலை.

பல்கலைக்கழகத் தேர்வு முடிஞ்ச அன்னிக்கு அரியலூர் பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருந்தா. என்னைப் பார்த்ததும் ஓடி வந்தா. முகமெல்லாம் பல்லு.

"மேம், சிறுவாச்சூர் கோயிலுக்குப் போயிட்டு வந்தேங்க. உங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கிட்டேன்"னு ஒரு குங்குமப் பொட்டலத்தை என் கையில வச்சா. "அந்த வர்க்கமூலக் கணக்கு அப்படியே வந்திருந்துச்சு மேம்! முதல்ல பழைய மாதிரிதான் விரியும்னு போட்டேன். அப்புறம் நீங்க திட்டினது ஞாபகம் வந்துச்சு. நல்லவேளைன்னு மொத்தத்தையும் அடிச்சுட்டு, நீங்க சொன்ன மாதிரியே குவியும்னு எழுதிட்டேங்க."

சிரிச்சு வச்சிட்டுப் போயிருக்கலாம், அதையும் நினைச்சேன். ஆனா குங்குமம் கையில இருந்துச்சு.

"நீ முதல்ல எழுதினதுதாம்மா சரி. நான்தான் தப்பு. என்னை மன்னிச்சிரு."

அவ கேட்டா, "இப்பதான் தெரிஞ்சுதுங்களா மேம்?"

"இல்லை. பேப்பர் குடுத்த மறுநாளே தெரியும்."

பஸ் வந்துச்சு. எப்பவும் "போயிட்டு வரேங்க மேம்"னு சொல்லிட்டு ஏறுற பொண்ணு, அன்னிக்குச் சொல்லாம ஏறிட்டா.