உடைந்த டைலில் இருந்த ஓட்டை

டைல்ஸ் ஒட்டும் வேலையில் பெண்ணுக்கு ஒரே பெயர்தான், சித்தாள். கலவை கலந்தாலும் சித்தாள், ஜாயின்ட் அடைத்தாலும் சித்தாள். செங்கல்பட்டிலிருந்து வீட்டுக்காரரோடு பைக்கில் எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன். அவர் மேஸ்திரி, நான் சித்தாள். எனக்கும் மேஸ்திரி ஆகவேண்டும் என்று ஆசை. சொன்னால் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு புது வீட்டின் பாத்ரூமில் வேலை. பிளம்பர் என் அண்ணன்தான். ஷவர் மிக்ஸர் வருகிற இடத்தில் நீலப் பூப்போட்ட டைல். அதில் வெந்நீருக்கு ஒன்றும் பச்சைத் தண்ணீருக்கு ஒன்றுமாக ஆறு அங்குலம் தள்ளி இரண்டு ஓட்டை போடவேண்டும். வழக்கமாகக் கிரைண்டரால் கோணல்மாணலாக வெட்டிவிட்டு, மிக்ஸரோடு வரும் வட்ட மூடியை மேலே வைத்து மறைத்துவிடுவோம். இந்த வீட்டம்மா வாங்கிய மிக்ஸருக்கோ மூடி ரொம்பச் சின்னது, கோணல் வெளியே பல்லிளிக்கும். அதனால் என் வீட்டுக்காரர் ஹோல் சா என்ற கட்டரை வாங்கி வந்திருந்தார். சின்ன டம்ளர் மாதிரி இருக்கும், விளிம்பில் வைரத்தூள் பதித்திருக்கும். டிரில் மெஷினில் மாட்டிச் சுற்றினால் வட்டமாக அறுக்கும்.

முதல் டைலில் முதல் ஓட்டை அழகாக விழுந்தது. நான்தான் பாட்டில் மூடியில் துளை போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நடுவில் அண்ணன், சுவரில் கிளாம்ப் அடிக்க மெஷினை வாங்கிப் போய்த் திருப்பிக் கொடுத்தான். ஹோல் சாவை மாட்டி இரண்டாவது ஓட்டையில் வைத்ததும் தடதடவென்று குதித்தது. டைல் விரிசல் விட்டுவிட்டது.

"இன்னா மச்சான், ஹேமர்லயே வச்சுக் குடுத்துட்டியா?" என்றார் அவர். மெஷினின் லீவர், சுவரை இடித்துத் துளைக்கிற ஹேமரிலேயே இருந்தது.

"வாங்கறப்ப நீ பாக்க வேணாமா?" என்றான் அண்ணன்.

அந்தக் கோபத்தோடு அடுத்த டைலை எடுத்தார். கட்டர் பிடிமானமில்லாமல் வழுக்கிப் பூவின் மேலேயே கோடு கிழித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார், அதுவும் போனது. மிச்சம் ஒரே ஒரு பூ டைல். கடைக்குப் போன் செய்தால், அந்த லாட் தீர்ந்துவிட்டது, புதுச் சரக்கில் நீலம் வேறு மாதிரி இருக்கும் என்றார்கள். இதுவும் உடைந்தால் ஒட்டி முடித்த பூ வரிசை முழுவதையும் பெயர்க்கவேண்டும்.

"இத்த நான் போடறேன்யா," என்றேன்.

"உனுக்கு இன்னா தெரியும்?"

"காலைலேர்ந்து தண்ணி ஊத்திகினே அத்தத்தான் பாத்துகினு கீறேன்."

அவர் சிரிக்கவில்லை. மெஷினை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

முதலில் உடைந்த டைலில் ஒழுங்காக ஓட்டை விழுந்திருந்த பாதியை எடுத்தேன். நல்ல டைலை ஈர மணல்மேல் படுக்கவைத்து, கீறல் விழாமலிருக்க டேப் ஒட்டினேன். அவர் அளந்து டேப்பின்மேல் பெருக்கல் குறி போட்டார். உடைந்த துண்டை அதன்மேல் வைத்து, ஓட்டைக்கு நேர் நடுவில் குறி தெரியும்படி நகர்த்தினேன். "இத்த நவராம அமுக்கிப் பிடி," என்றேன். குந்தி உட்கார்ந்து பிடித்துக்கொண்டார். அந்த ஓட்டைக்குள் இறங்கி நிற்கிற கட்டர் இனி எங்கே வழுக்கும்?

லீவரைப் பார்த்தேன், டிரில்லில்தான் இருந்தது. அண்ணனைத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். மெதுவாகச் சுற்றவிட்டேன். அழுத்தவில்லை, மெஷினின் கனமே போதுமாக இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை லேசாகத் தூக்கினால் பால் மாதிரி சேறு வெளியே வந்து நல்ல தண்ணீர் உள்ளே போகும். அடியை நெருங்கும்போது சத்தம் மாறும், காலையிலேயே கவனித்திருந்தேன். மாறியதும் கையை இன்னும் தளர்த்தினேன். பொசுக்கென்று இறங்கியது. கட்டருக்குள் வில்லை மாதிரி ஒரு வட்டத்துண்டு. விளிம்பில் ஒரு சில்லுகூடப் பெயரவில்லை.

இரண்டாவதும் அப்படியே விழுந்தது. சுவரில் ஒட்டிப் பார்த்தால் பைப் வாய் இரண்டும் ஓட்டைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தன. அண்ணன் மிக்ஸரை மாட்டினான், சின்ன மூடியே போதுமாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. டைல்ஸைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். வீட்டுக்காரர் மெஷினைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். பாராட்ட வாய் வராதா இந்த மனுஷனுக்கு என்று உள்ளுக்குள் திட்டினேன்.

அவருக்குப் போன் வந்தது. நாவலூரில் அடுத்த வேலை தருகிற கான்ட்ராக்டர். ஸ்பீக்கரில் கேட்டது. "அண்ணாத்த, நாளைக்கு ஒரு மேஸ்திரி, ஒரு சித்தாள் தான?"

இவர் என்னைப் பார்த்தார்.

"இல்லப்பா. மேஸ்திரி ரெண்டு பேரு வர்றோம். தண்ணி ஊத்த நீ ஒரு ஆளு போட்டுக்க."