நாற்பத்தொன்றாம் வரியில் இருந்த கேள்வி

பொத்தேரியில் பரோட்டாக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். இணையத்துக்குத் தமிழில் மருத்துவக் கட்டுரைகள் எழுதுகிறோம். பக்கத்து மேசை ஜாய்ஸ், செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் வருகிறவள். எழுத உட்காருமுன் ஃபோரம்களிலும் வீடியோக்களின் கமெண்ட்களிலும் ஜனங்கள் கேட்டதையெல்லாம் எழுத்துப்பிழையோடு அப்படியே ஷீட்டில் ஒட்டுவாள். ஒத்த கேள்விகளைச் சேர்ப்பாள், எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணுவாள், முதலில் பதில் தேவைப்படுவதை மேலே வைப்பாள். அதுதான் கட்டுரையின் அவுட்லைன். டீ குடிச்சியா என்று கேட்டால்கூட எந்தத் தலைப்பில் போடலாமென்று பார்ப்பாள் என்று கிண்டல் செய்வேன்.

ஜனவரியில் காசநோய் மாத்திரை பற்றி ஒரு கட்டுரை. மாத்திரை போட்டால் சிறுநீர் சிவப்பாகப் போகிறதே, நிறுத்திவிடலாமா என்று பதினாறு பேர் கேட்டிருந்தார்கள். அது மாத்திரையின் நிறம், நிறுத்துவதுதான் ஆபத்து. ஜாய்ஸ் அதை முதல் தலைப்பாக்கினாள். எடிட்டர் அருணகிரிக்கோ 'காசநோய் என்றால் என்ன' முதலில் வரவேண்டும், அதைத்தான் அதிகம் பேர் தேடுகிறார்களாம். மாத்திரையைக் கையில் வைத்திருப்பவருக்கு அது தெரியாதா என்று இவள் கேட்டாள். இந்த இழுபறியில் கட்டுரை கிடப்பில் போனது. எனக்கு இன்றைக்கும் அந்த மனுஷர்மேல் கோபம்தான்.

ஏப்ரலில் அதைத் தூசி தட்டி எடுத்தபோது ஜாய்ஸ் புதிய கேள்விகளைச் சேர்த்தாள். ஷீட்டில் அவள் பெயர்களை எழுதுவதில்லை. ஒரே ஆளை இரண்டு முறை எண்ணிவிடக் கூடாதென்று பழைய பக்கங்களுக்குப் போய்ப் பார்த்தவள், திடீரென்று என்னைக் கூப்பிட்டாள்.

நாற்பத்தொன்றாம் வரியில் சிவப்பு நிறம் பற்றி ஜனவரியில் கேட்டவர் பெயர் 'சதுரங்கப்பட்டினம் அரசு'. 'நடுவில் நிறுத்தலாமா' என்ற தலைப்பின் கீழ் மார்ச்சில் வந்த கேள்வி, "பயந்து மாத்திரைய வுட்டுட்டேன், பரவால்லையா?" 'இருமல் திரும்ப வந்தால்' என்பதன் கீழ் போன வாரத்துக் கேள்வி. மூன்றும் அவருடையவை. தனித்தனித் தலைப்புகளில் போட்டதில் ஆளே மறைந்துபோயிருந்தார். அந்தக் கமெண்ட்களுக்குக் கீழே ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

கேள்விகளை எடுக்கலாம், பதில் போடக் கூடாது என்பது ஆபீஸ் வழக்கம். ஜாய்ஸ் யாரையும் கேட்காமல் எழுதினாள். மாத்திரை வாங்கிய ஆஸ்பத்திரிக்கே இன்றைக்கே போங்கள், நிறுத்தியதை மறைக்காதீர்கள், நீங்களாகப் பழைய மாத்திரையை ஆரம்பிக்காதீர்கள் என்று.

மதியம் பதில் வந்தது. "போறேம்மா. இத்த ஜனவரிலயே கேட்டேன். யாரும் பாக்கல போல கீது."

ஜாய்ஸ் எதையோ அடித்தாள், அழித்தாள், மறுபடி அடித்தாள். அருணகிரி வந்து பின்னால் நின்று படித்தார். கடைசியில் அவள் அனுப்பியது இரண்டே வார்த்தை.

"நான் பாத்தேண்ணா."