இருநூற்று மூன்று நாள்

செங்கல்பட்டு ஆபீஸில் அன்றைக்கு இருந்தவர்கள் இவர்கள். நான். என் வீட்டுக்காரி. அவளுடைய அண்ணன், எனக்கு மச்சான், இன்சூரன்ஸ் ஏஜென்ட். கவுண்டருக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. நாலு பேர். வேறு யாரும் இல்லை.

மாமல்லபுரத்தில் எங்களுக்கு ஒரு டிபன் கடை இருந்தது. வாடகைக் கடை. அவள் இட்லி ஊற்றுவாள், நான் பரிமாறுவேன். சிற்பக் கூடத்தில் வேலை செய்கிறவர்கள் காலையில் தூசியோடு வந்து சாப்பிடுவார்கள். கடையின் சொந்தக்காரர் லாட்ஜ் கட்டப் போகிறேன் என்றார். காலி செய்தோம். கிரைண்டரும் அடுப்பும் பாத்திரமும் வீட்டுக்கு வந்தன.

கடைப் பொருளுக்கு ஒரு வருஷ இன்சூரன்ஸ் இருந்தது. நெருப்பு, புயல், திருட்டு எல்லாவற்றுக்கும். மச்சான்தான் எடுத்துக் கொடுத்தான். பாலிசி என் வீட்டுக்காரி பெயரில். கட்டியது வரியோடு சேர்த்து நாலாயிரத்து முந்நூற்று எண்பது. நாளுக்குப் பன்னிரண்டு ரூபாய் என்று அவள் அன்றே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். பாதி வருஷம்கூட ஆகவில்லை, கடையை மூடிவிட்டோம். மூடின கடைக்குப் பன்னிரண்டு ரூபாய் எதற்கு?

தள்ளுவண்டி போடுவதென்று முடிவு செய்தோம். பழைய வண்டி ஒன்று வாங்கிப் புதுச் சக்கரம் போடக் கொடுத்திருந்தோம். வெல்டிங் பட்டறைக்காரர் இரண்டாயிரத்து நானூறு கேட்டார். பணம் வைத்தால்தான் வண்டி. எங்களிடம் இல்லை. இந்தப் பாலிசியில் திரும்ப வரும் பணத்தை நம்பித்தான் இருந்தோம்.

ரத்து செய்தால் மீதி நாளுக்கான பணம் வரும் என்று சொன்னவனும் மச்சான்தான். சொன்னால் அவனுக்கு நஷ்டம். திரும்பக் கொடுக்கும் பணத்துக்கு அவன் வாங்கின கமிஷனைக் கம்பெனி பிடித்துக்கொள்ளும். முந்நூற்றுப் பத்து ரூபாய் போகும் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அப்படியும் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் எங்களோடு வந்தான். டிக்கெட்டும் அவனே எடுத்தான்.

கவுண்டர் அம்மா முதலில் கேட்டது, இந்த வருஷம் கிளெய்ம் ஏதாவது வாங்கினீர்களா என்று. வாங்கவில்லை. மழையில் கடையின் கூரைத் தகரம் பறந்து நாலு பாத்திரம் நசுங்கியது. அப்போது என் வீட்டுக்காரி கிளெய்ம் கேட்கலாம் என்றாள். சின்ன நஷ்டம், அலைச்சல்தான் மிச்சம் என்று மச்சான் தடுத்துவிட்டான். அதற்கு அவனை ஒரு மாதம் திட்டினாள். இப்போது அதுதான் காப்பாற்றியது. கிளெய்ம் வாங்கியிருந்தால் மீதி கிடையாது என்றார் அந்த அம்மா. மச்சான் தங்கையைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள்.

மச்சான் மனு எழுதினான். கடை மூடியாகிவிட்டது, பாலிசி வேண்டாம், மீதி நாளுக்குரிய பணத்தைத் திருப்பித் தரவும். கையெழுத்துப் போட வேண்டியவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னைக்கு வெள்ளிக்கெழம. கட வேணாம்னு நான் கையெழுத்து போட மாட்டேன்."

கடைதான் ஏற்கெனவே இல்லையே என்றேன். மனு கையில் வாங்கும் நாளிலிருந்துதான் மீதி நாளை எண்ணுவோம், கடை மூடின நாள் கணக்கில்லை என்று கவுண்டர் அம்மா சொன்னார். சனி, ஞாயிறு ஆபீஸ் இல்லை. மச்சான் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"மூணு நாளு, முப்பத்தாறு ரூபா. உன் வெள்ளிக்கெழமைக்கு இன்னா ரேட்டுன்னு பாத்துக்க."

"போனா போவுது. லட்சுமியாண்ட வாங்கிக்கறேன்."

திங்கட்கிழமை மறுபடி வந்தோம். கையெழுத்துப் போட்டாள். அந்த அம்மா முத்திரை குத்தி ஒரு நகல் கொடுத்தார். மீதி இருநூற்று மூன்று நாள். இரண்டாயிரத்து நானூற்று முப்பத்தாறு ரூபாய். சக்கரத்துக்குப் போதும்.

பணம் போட பாங்க் பாஸ்புக் முதல் பக்கத்தின் ஜெராக்ஸ் கேட்டார்கள். கொடுத்தோம். அதில் ஒரு எண் சரியாகத் தெரியவில்லை. அந்த அம்மா இது என்ன என்று கேட்டார். பாஸ்புக்கை நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூன்று என்றேன். எழுதிக்கொண்டார்.

நாலாம் நாள் போனில் செய்தி வந்தது. பாலிசி ரத்து, பணம் அனுப்பப்பட்டது. அவள் வெல்டிங் பட்டறைக்குப் போய் நாளைக்கு வண்டி எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் பணம் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பட்டறைக்காரர் எங்கள் வண்டியை ஓரமாகத் தள்ளி வைத்து அதன்மேல் கம்பியை அடுக்கிவிட்டார்.

கோபம் முழுக்க மச்சான் மேல் திரும்பியது. அவன் ஒவ்வொரு நாளும் சாயங்காலம் வீட்டுக்கு வருவான், அவள் உள்ளே போய்விடுவாள். ஒருநாள் வாசலில் நின்று சொன்னாள்.

"இன்னாண்ணா, கமிஷன் போனதுக்கு எங்க துட்ட அமுக்கிகினு கீறியா?"

அவன் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. டீ குடிக்காமல் போனான்.

மறுநாள் அவன் மட்டும் செங்கல்பட்டுக்குப் போனான். அங்கிருந்து எனக்குப் போன் செய்தான். கம்பெனி பணத்தை அனுப்பியிருக்கிறது, அப்படி ஒரு கணக்கே இல்லை என்று பாங்க் திருப்பி அனுப்பிவிட்டது. பாஸ்புக்கை எடுத்துப் பார் மாப்ள என்றான்.

எடுத்துப் பார்த்தேன். ஆயுத பூஜையன்று அவள் கடையில் இருந்த எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பாள். கிரைண்டர், கரண்டி, கல்லாப் பெட்டி, பாலிசிக் காகிதம், பாஸ்புக். பாஸ்புக்கில் கணக்கு எண் மேலேயே சந்தனம், நடுவில் குங்குமம். நகத்தால் மெல்லச் சுரண்டினேன். மூன்று இல்லை. எட்டு.

அவளிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். முந்தானையால் அந்த இடத்தைத் துடைத்தாள். பொட்டை வைத்தது அவள், தப்பாகப் படித்தது நான். மச்சான் இதில் எங்கேயும் இல்லை.

பாங்க்கில் போய்க் கணக்கு எண்ணை அச்சடித்து வாங்கினோம். புது மனுவோடு மச்சான் கொண்டுபோய்க் கொடுத்தான். நாள் ஏதாவது குறையுமா என்று நான் பயந்தேன். ரத்து ஆன தேதி மாறாது, பணம் போகும் இடம்தான் மாறும் என்று கவுண்டர் அம்மா சொன்னாராம். மூன்று நாளில் முழுப் பணமும் வந்தது. அன்றைக்கே வண்டியை எடுத்தோம். புதுச் சக்கரம் சத்தமே போடவில்லை.

அவள் அண்ணனிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. வண்டி போட்ட முதல் நாள் காலையில் சாப்பிட வந்தான். முடித்துவிட்டுச் சட்டைப் பையில் கையை விட்டான். அவள் கரண்டியால் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"உன் கமிஷன் முந்நூத்திப் பத்து. இட்லி பத்து ரூபா. முப்பத்தோரு இட்லி துன்னு முடி, அப்பறம் துட்ட காட்டு."

"சட்னிக்கு?"

"சட்னி உன் தங்கச்சி கணக்கு."

நெடுநேரம் சிரித்தான். அவள் திரும்பிக்கொண்டு மாவைக் கலக்கினாள். கண்ணைத் துடைத்தது ஆவியினால் என்று நினைத்துக்கொண்டேன். தட்டை நான்தான் எடுத்தேன், எண்ணியதும் நான்தான். அன்றைக்கு ஏழு தின்றிருந்தான்.

மீதி இருபத்து நாலு.